பாஸ்புக்கில் வந்ததெல்லாம் வாடகை அல்ல

நாமக்கல் பரமத்தி சாலையில் ஒரு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். கீழே லாரி உதிரிபாகம் விற்கும் ஒரு தனியார் நிறுவனம், மேலே ஒரு குடும்பம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் இந்த இரண்டு பேரிடமிருந்தும் வந்த வரவு 4,84,350 ரூபாய். ஒப்பந்தப்படி அந்த ஆண்டுக்கு வர வேண்டிய வாடகை 4,78,000 ரூபாய். வித்தியாசம் வெறும் 6,350. “பேங்குல வந்தது பூராவும் வாடகைதானுங்க, அதையே போட்டுருங்க” என்று உரிமையாளர் ஆடிட்டரிடம் சொன்னால், கேட்பவருக்கும் அது நியாயமாகத்தான் படும். ஐந்து லட்சத்தில் ஆறாயிரம் ஒரு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். அந்த 6,350க்குள் இரண்டு பெரிய பிழைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன. கடை வாடகையில் 41,100 ரூபாய் குறைகிறது. வீட்டு வாடகையில் 47,450 ரூபாய் கூடுகிறது. ஒன்றைக் கழித்து ஒன்றைப் பார்த்தால் கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றும். வாடகைக் கணக்கில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுவே. மொத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் கணக்கு பொருந்திவிட்டது என்று நினைக்கிறோம். இந்தக் கட்டடத்தின் ஆண்டுக் கணக்கை முழுதாகப் பிரித்துப் பார்த்தால், சேலம், நாமக்கல் பக்கத்துக் கட்டட உரிமையாளர்கள் தங்கள் கணக்கில் எங்கே தேட வேண்டும் என்பது விளங்கும்.

கீழ்த்தளம்: குறைந்து வந்த பணம்

கடை ஒப்பந்தத்தை எடுப்போம். மாத வாடகை 30,000. 2024 ஆகஸ்ட் முதல் பத்து சதவீத உயர்வு, அதாவது 33,000. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 1,20,000. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதத்துக்கு 2,64,000. ஆண்டு வாடகை 3,84,000 ரூபாய்.

வங்கியிலோ ஒரு மாதமும் 30,000 என்ற எண்ணே இல்லை. 27,000, பிறகு 29,700 என்றுதான் வரவு இருக்கிறது. நிறுவனம் வாடகையில் பத்து சதவீதத்தை வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. இதுதான் டிடிஎஸ். கட்டட வாடகை ஆண்டுக்கு 2,40,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. பிடித்த 38,400 ரூபாய் நம் கணக்குக்கு வராவிட்டாலும் நம் வருமானமே. நம் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட முன்வரி அது. கைக்கு வந்ததை மட்டும் வாடகையாகக் காட்டிவிட்டு, பிடித்த வரியையும் திருப்பிக் கேட்டால், ஒரே பணத்தை வருமானத்தில் ஒளித்து வரவில் கேட்டதாக ஆகும். வரித்துறையின் கணினிக்கு இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவையில்லை. 38,400 பிடித்தம் என்றால் வாடகை 3,84,000 என்பது படிவம் 26ஏஎஸ்ஸில் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் தேதி. 2024 மார்ச் மாத வாடகை ஏப்ரல் 5ஆம் தேதி வந்தது. 2025 மார்ச் மாத வாடகை 2025 ஏப்ரல் 4ஆம் தேதி வந்தது. முதல் தொகை இந்த ஆண்டு பாஸ்புக்கில் இருந்தாலும் போன ஆண்டின் வாடகை. இரண்டாவது, அடுத்த ஆண்டு பாஸ்புக்கில் இருந்தாலும் இந்த ஆண்டின் வாடகை. வீட்டுச் சொத்து வருமானத்துக்குச் சட்டம் கேட்பது “பெற்றது அல்லது பெற வேண்டியது”. பணம் எந்த நாளில் வந்தது என்பதைவிட எந்த மாதத்துக்காக வந்தது என்பதே முக்கியம்.

மூன்றாவது, உயர்வை மறந்துபோனது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பழைய 27,000ஐயே அனுப்பியது. உரிமையாளர் போன் பண்ணிய பிறகு, அக்டோபரில் 29,700 உடன் விடுபட்ட 5,400ஐயும் சேர்த்து 35,100 ஆக அனுப்பியது. ஒப்பந்தம் கையில் இல்லாமல் பாஸ்புக்கை மட்டும் பார்ப்பவருக்கு அக்டோபரில் வாடகை ஏறியது போலவும், நவம்பரில் இறங்கியது போலவும் தெரியும்.

இப்போது கோக்கலாம். வங்கி வரவு 3,42,900. அதில் போன மார்ச் மாதத்தின் 27,000ஐக் கழித்து, இந்த மார்ச் மாதத்தின் 29,700ஐக் கூட்டினால் 3,45,600. டிடிஎஸ் 38,400ஐச் சேர்த்தால் 3,84,000. ஒப்பந்தம் சொன்ன அதே எண். ஒரு ரூபாய் மிச்சமில்லை. பொருத்துவது என்றால் இதுதான்.

இந்தப் பொருத்தத்தால் இன்னொரு பயனும் உண்டு. வரவு மாதாமாதம் சரியாகப் பத்து சதவீதம் குறைந்து வருகிறது, ஆனால் 26ஏஎஸ்ஸில் அந்தப் பிடித்தம் இல்லை என்றால், வாடகைதாரர் பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவில்லை, அல்லது தவறான பான் எண்ணில் கட்டியிருக்கிறார் என்று பொருள். ஒவ்வொரு காலாண்டும் படிவம் 16ஏ கேட்டு வாங்கினால் இதை ஆண்டு முடியும் முன்பே பிடித்துவிடலாம். பிடித்தது நிஜம் என்றால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்றோ ஒப்பந்தமும் வங்கி வரவும்தான்.

ஒரு எச்சரிக்கை: 2025 ஏப்ரல் முதல் டிடிஎஸ் பிடிப்பதற்கான வரம்பு மாதம் 50,000 ரூபாய் என்று மாறிவிட்டது. 33,000 ரூபாய் வாடகைக்கு நிறுவனம் இனி பிடிக்கத் தேவையில்லை. அதனால் 2025-26 பாஸ்புக்கில் வரவு 29,700இலிருந்து 33,000 ஆகத் தாவும். வாடகை ஏறவில்லை, பிடித்தம் நின்றது, அவ்வளவே. அடுத்த ஆண்டு இரண்டு ஸ்டேட்மென்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாரும் இங்கே தடுமாறுவார்கள்.

மேல்தளம்: கூடி வந்த பணம்

மாடியில் ஆண்டு தொடக்கத்தில் இருந்த குடும்பம் மாதம் 8,000 கொடுத்தது. ஆகஸ்ட் கடைசியில் காலி செய்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜிபேயில் 32,000 வந்தது. ஆகஸ்ட் வாடகையை நம் ஊர் வழக்கப்படி “அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டார்கள். 50,000 அட்வான்ஸில் 8,000 போக 42,000 திருப்பிக் கொடுக்கப்பட்டது. வங்கியில் ஆகஸ்ட் வாடகைக்கு வரவே இல்லை. செலவுப் பக்கத்தில் ஒரு 42,000 மட்டும் நிற்கிறது. ஆனால் அந்த 8,000 முழுமையான வாடகை வருமானம்.

செப்டம்பர் காலி. வாடகைக்கு விட்டிருந்த வீடு இடையில் ஆள் இல்லாமல் கிடந்த காலத்துக்கு, வராத வாடகையைக் கணக்கில் விட்டுவிடச் சட்டத்தில் இடமுண்டு. பழைய குடும்பம் போன தேதிக்கும் புதுக் குடும்பம் வந்த தேதிக்கும் ஒப்பந்தங்கள்தான் சாட்சி.

புதுக் குடும்பம் செப்டம்பர் 29 அன்று 60,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியது. அக்டோபர் முதல் மாத வாடகை 9,000. ஆறு மாதத்தில் ஐந்து மாத வாடகை வங்கி வழியாக 45,000 வந்தது. ஜனவரி வாடகை மட்டும் பொங்கல் நேரத்தில் ரொக்கமாகக் கைக்கு வந்து ரசீது புத்தகத்தில் ஏறியது, வங்கிக்குப் போகவில்லை. கரண்ட் பில் உரிமையாளர் பெயரில் வருவதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தொகையைக் குடும்பம் அனுப்பிவிடும். 1,450, 1,620, 1,380 என மூன்று முறை, மொத்தம் 4,450.

வங்கி வரவு மொத்தம் 1,41,450. இதில் அட்வான்ஸ் 60,000 திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், வருமானம் இல்லை. கரண்ட் பில் 4,450, நாம் மின்வாரியத்துக்குக் கட்டியதைத் திரும்பப் பெற்றது. இரண்டையும் கழித்தால் 77,000. அட்வான்ஸில் கழித்த ஆகஸ்ட் வாடகை 8,000, ரொக்கமாக வந்த ஜனவரி வாடகை 9,000, இரண்டையும் கூட்டினால் 94,000. ஒப்பந்தம் என்ன சொல்கிறது? எட்டாயிரம் வீதம் ஐந்து மாதத்துக்கு 40,000, ஒன்பதாயிரம் வீதம் ஆறு மாதத்துக்கு 54,000. அதே 94,000.

வந்ததையெல்லாம் வாடகை என்று போட்டிருந்தால் 60,000 அட்வான்ஸுக்கும் வரி கட்டியிருப்போம். சில ஆண்டு கழித்து அந்தக் குடும்பம் காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுப்போம். அப்போது அந்த ஆண்டு வாடகையில் கழிக்க வழி கிடையாது. கட்டிய வரி கட்டியதுதான்.

ரசீதில் எழுத வேண்டியது

ஜனவரி மாத ரொக்கத்தைக் காப்பாற்றியது ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை. ஆனால் பல ரசீதுகளில் தேதியும் தொகையும் கையெழுத்தும் இருக்கும், “ஜனவரி 2025 மாத வாடகை” என்ற மூன்று சொல் இருக்காது. அந்தச் சொற்கள் இல்லாத ரசீது, மார்ச், ஏப்ரல் மாதங்களில் உதவாது. ரொக்கம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். ஜிபேயில் வரும் வாடகைக்குக்கூட அனுப்பும்போது மாதத்தின் பெயரைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டால், ஸ்டேட்மென்ட்டே பாதி ரசீதாகிவிடும்.

ரசீதுக்கு மறுபக்கமும் உண்டு. மாடியில் குடியிருப்பவர் சம்பளக்காரர் என்றால், அவர் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்பார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். நம் வீட்டில் மாதம் 9,000 வீதம் முழு ஆண்டுக்கு 1,08,000, ஆகவே 2025-26இல் இந்த விதி பொருந்தும். அவர் சொன்ன எண்ணும் நாம் காட்டிய எண்ணும் வேறாக இருந்தால் தகவல் ஒப்பீட்டில் வெளியே வரும். இப்படிப்பட்ட முரண்பாடுகள் சில கண்ணில் பட்டதாகவும், அதற்காகப் பழைய கணக்குகளைத் திறக்கும் சிறப்பு நடவடிக்கை ஏதும் இல்லை என்றும் மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. சிறப்பு நடவடிக்கை இல்லை என்பதற்காக ஒப்பீடே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒப்பந்தம் பொய் சொல்லும்போது

இதுவரை ஒப்பந்தத்தை அளவுகோலாக வைத்தோம். பல நேரம் கோணலாக இருப்பதே அதுதான். பதினோரு மாத அக்ரிமென்ட் எழுதி, அது முடிந்து மூன்று ஆண்டு ஆகியும் வாய்ப்பேச்சில் வாடகை ஏறிக்கொண்டே போகும். தாளில் 8,000, வங்கியில் 9,000. இன்னும் சிலர் தாளில் குறைத்து எழுதி மீதியைக் கையில் வாங்குவார்கள். வரிச்சட்டத்துக்கு உண்மையில் வாங்கிய வாடகைதான் கணக்கு. பழைய தாளைக் காட்டித் தப்பிக்க முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் பற்றி ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் மாடி வீட்டின் 60,000 கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. அதை ஒப்பந்தத்தில் எழுதாதவருக்கு இரண்டு பக்கமும் இடி: வாடகைச் சட்டத்தின் வரம்பையும் தாண்டுகிறார், வரி அதிகாரி “இந்த அறுபதாயிரம் என்ன?” என்றால் காட்டத் தாளும் இல்லை.

சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று போக்கியம். மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பது. பாஸ்புக்கில் ஒரு பெரிய வரவு, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே இல்லை. பெரிய தொகை கடன், வருமானமில்லை. ஆனால் வாடகையே வரவில்லை என்பதால் வருமானம் பூஜ்யம் என்று எழுதுவதும் ஆபத்து. அந்த வீட்டை விட்டால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகை எவ்வளவு என்று சட்டம் கேட்கும்.

மற்றொன்று, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள். தறியோடு சேர்த்துக் கூடத்தை வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம். கட்டடத்தையும் இயந்திரத்தையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக விட்டால் அந்த வாடகை வீட்டுச் சொத்து வருமானம் ஆகாது, “இதர வருமானம்” என்ற தலைப்புக்குப் போகும். அங்கே முப்பது சதவீதக் கழிவு கிடையாது. பதிலுக்கு உண்மையான செலவையும் தேய்மானத்தையும் கழிக்கலாம். எந்தத் தலைப்பு என்பதை வங்கி வரவு சொல்லாது. ஒப்பந்தத்தின் வாசகம்தான் சொல்லும். டிடிஎஸ் விகிதமும் ஒரு தடயம்: கட்டடத்துக்குப் பத்து, இயந்திரத்துக்கு இரண்டு சதவீதம்.

யார் பெயரில் என்பதும் அடிக்கடி இடறும் இடம். கட்டடம் அம்மா பெயரில் இருக்கும், வாடகை மகன் கணக்குக்கு வரும், வாடகைதாரர் மகனின் பான் எண்ணில் வரி பிடித்திருப்பார். வருமானம் உரிமையாளருக்குரியது. பணம் யார் கணக்கில் விழுந்தது என்பது அதை மாற்றாது. வாடகைதாரர் தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தினால் ஒழிய, அம்மா வருமானத்தைக் காட்டுவார், மகன் பெயரில் பிடித்தம் நிற்கும், இரண்டு பேர் கணக்கும் பொருந்தாது.

கடைசி எண்

நம் கட்டடத்துக்குத் திரும்புவோம். ஆண்டு வாடகை 4,78,000. உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையில் கட்டிய சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 14,000 என்று கொள்வோம். மீதி 4,64,000. அதில் முப்பது சதவீதம், பழுதுபார்ப்புக்கு ரசீது எதுவும் கேட்காமல் சட்டமே தரும் கழிவு, 1,39,200. வரிக்குரிய வருமானம் 3,24,800 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு 2024-25இல் வரித் தள்ளுபடியால் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. பிடித்த 38,400 முழுதும் திரும்ப வர வேண்டும். கணக்கைச் சரியாகப் பொருத்துவது வரி கட்டுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கடை வாடகையை 3,42,900 என்று குறைத்துக் காட்டினால், கேள்விக்கு உள்ளாவது இந்தப் பணம்தான்.

ஏற்கெனவே தவறாகக் காட்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. வருமானம் குறைவாகக் காட்டியிருந்தால், புதுப்பித்த கணக்கு தாக்கல் செய்யலாம். அதற்கான காலம் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் என்று 2025 ஏப்ரல் முதல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாமதமாக ஆக, கூடுதல் வரியும் ஏறும். ஆனால் அதிகமாகக் காட்டிவிட்டதைக் குறைக்கவோ, விட்டுப்போன பிடித்தத்தைத் திருப்பிக் கேட்கவோ அந்த வழி உதவாது.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. வாடகைதாரர் தரும் டிடிஎஸ் விவரத்தில் பணம் கணக்கிட்ட தேதி இருக்கிறது, அது எந்த மாதத்தின் வாடகை என்பது இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தால் மார்ச், ஏப்ரல் குழப்பத்தில் பெரும்பங்கு நோட்டீஸ் வரும் முன்பே தீரும். வங்கி வரவின் மொத்தத்தை வாடகை என்று எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பதையும் அதிகாரிகள் கைவிட வேண்டும். உரிமையாளர் மொத்தத்தைப் போடுவது தவறு என்றால், அதிகாரி மொத்தத்தைப் போடுவதும் தவறுதான்.

அதுவரை கட்டட உரிமையாளர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது எளிது. ஒரு நோட்டில் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் பன்னிரண்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒப்பந்த வாடகை, வந்த தேதி, வந்த தொகை, பிடித்த வரி, ரொக்க ரசீது எண், அட்வான்ஸில் கழித்தது ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு வரவையும் அந்த நோட்டோடு ஒப்பிட்டு ஒரு குறி போடுங்கள். மாதப் பெயர் கிடைக்காத வரவு ஒன்று மிஞ்சினாலும், வரவே இல்லாத மாதம் ஒன்று மிஞ்சினாலும், ஆடிட்டரிடம் போகும் முன் அதற்குக் காரணம் தேடுங்கள்.